20 வருஷ டீம் லீடர் இருந்தும் மார்க் ஏன் வரல?

"அக்கா, நாங்க சின்ன கன்சல்டன்சி. உலக வங்கி கடன்ல நடக்குற ஒரு குடிநீர் திட்டத்துக்கு புரபோசல் கேட்டு வந்த ஆர்எஃப்பிக்கு 140 பக்கம் எழுதிக் கொடுத்தோம். டெக்னிக்கல்ல 66 மார்க், கட்-ஆஃப் 70. விலை கவரையே திறக்கல. டீம் லீடருக்கு 20 வருஷ அனுபவம். எங்க தப்பு பண்ணோம்?"
- ஒரு வாசகர், கோவை

தம்பி, முதல்ல அவங்க அனுப்புன லெட்டர்ல பிரிவு பிரிவா எவ்வளவு மார்க் வந்திருக்குனு பாருங்க, இல்லைனா கேட்டு வாங்குங்க. எனக்கு சந்தேகம் உங்க டீம் லீடரோட சிவி மேலதான். இந்த மாதிரி ஆர்எஃப்பில ஆட்களுக்குத்தான் பெரும்பாலும் அதிக மார்க், கம்பெனி அனுபவத்துக்கு 10 தாண்டாது, ஆனா நம்மாளுங்க கம்பெனி பெருமைக்கே பாதி பக்கத்தை கொடுத்துடுறோம்.

ஒரு கணக்கு போட்டு பாப்போம். டீம் லீடருக்கு 20 மார்க்னு வச்சுக்கோங்க. அது மொத்தமா வராது, ஆர்எஃப்பிலயே இருக்குற டேட்டா ஷீட்ல உடைச்சு போட்டிருப்பாங்க, உதாரணமா: படிப்பு, பொது அனுபவத்துக்கு 20 சதவீதம், இந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தம்ங்கறதுக்கு 70, அந்தப் பகுதி அனுபவத்துக்கு 10. அப்போ உங்க 20 வருஷம் போய் சேர்றது வெறும் 4 மார்க்ல, பொருத்தத்துக்குத்தான் 14. அந்த 14ல மதிப்பிடுறவர் 60 சதவீதம் போட்டா 8.4, அதே ஆளுக்கு 90 போட்டா 12.6. வித்தியாசம் 4.2, உங்களுக்கு குறைஞ்சதே 4 தான்!

அந்த 90 எங்க கிடைக்கும்னா, சிவி ஃபார்ம் கடைசில ரெண்டு கட்டமா பிரிச்ச அட்டவணை இருக்கும்ல, இடது பக்கம் இந்த ஆளுக்கு கொடுத்திருக்குற வேலைகள், வலது பக்கம் அதை செய்ய முடியும்னு காட்டுற பழைய வேலைகள், அங்கதான். நிறைய பேர் அதுல "மேலே பார்க்கவும்"னு போட்டு விட்டுடுறாங்க, எனக்கு வயிறு எரியும். இடது பக்கத்துல, என்னென்ன வேலை செய்யணும்னு சொல்ற டிஓஆர்ல இருக்குற வார்த்தையையே எழுதுங்க, உதாரணமா "நீர்க்கசிவு குறைப்புத் திட்டம் தயாரித்தல்". அதுக்கு நேரா வலது பக்கத்துல எந்த ஊர், எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர் பைப்லைன், அதுல இவர் கையால என்ன செஞ்சார், கசிவு எவ்வளவுல இருந்து எவ்வளவுக்கு குறைஞ்சுது. "திட்டத்தில் பங்கேற்றார்"னு எழுதினா மதிப்பிடுறவர் எதை வச்சு மார்க் போடுவார்? அவர் கைல இருக்குறது ஒரு மார்க் ஷீட், ஒவ்வொரு மார்க்குக்கும் காரணம் எழுதணும், அந்தக் காரணத்தை அவர் தேடாம கண்ணுல படுற மாதிரி வைக்கணும்.

ஒரு வரிக்கு நேரா எழுத உண்மையாவே ஒண்ணுமில்லைனா ஜோடிக்காதீங்க, சிவில அவர் கையெழுத்து போட்டு உறுதி கொடுக்குறார், பொய்னு தெரிஞ்சா நீங்க தகுதி இழக்கலாம். அப்படி ரெண்டு மூணு வரி காலியா நின்னா அந்த ஆளை மாத்துங்க. இதை கடைசி வாரத்துல செய்ய முடியாது, அதனால ஆர்எஃப்பி கைக்கு வந்த அன்னிக்கே அந்த அட்டவணையை மட்டும் பென்சில்ல நிரப்பிப் பாருங்க, மத்த பக்கமெல்லாம் அப்புறம்.