23 பேர் போதும், 22 போதாது: இரண்டையும் நிரூபிக்க

> “23 பேரில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று காட்ட 1 − x ≈ e^(−x) போட்டேன். தோராயம் நிரூபணம் ஆகாது என்கிறார்கள். 22 போதாது என்பதையும் இப்படியே காட்டலாமா?”

≈ இருக்கும் இடத்தில் ≤ போடுங்கள், முதல் பாதி அப்படியே நிரூபணமாகிவிடும். y = 1 − x என்பது e^(−x) வளைவுக்கு x = 0-இல் வரையும் தொடுகோடு. வளைவு குவிந்தது, அதனால் கோடு எங்கேயும் அதற்கு மேலே போகாது.

365 நாட்களும் சம வாய்ப்புள்ளவை என்று கொண்டால், எல்லோருக்கும் வெவ்வேறு நாள் அமையும் நிகழ்தகவு (1 − i/365)-களின் பெருக்கல், i = 1 முதல் 22 வரை. காரணிகள் எல்லாம் நேர்மம் என்பதால் சமனிலிகளைத் தயங்காமல் பெருக்கலாம். அடுக்குகள் கூடி −253/365 ஆகும். இனி 253/365 > ln 2 என்று காட்ட வேண்டும். இங்கே கவனம்: ஐந்து தசமத்தில் இரண்டுமே 0.69315தான். ஆறாவதில்தான் 0.693151, 0.693147 என்று பிரிகின்றன. ஆக, பெருக்கல் 1/2-க்குக் கீழே.

22 பேருக்கு இது உதவாது. கிடைப்பது e^(−231/365) ≈ 0.531 என்ற மேல்வரம்பு மட்டும். உண்மை மதிப்பு அதற்குக் கீழே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாமே! உங்களுக்குத் தேவை கீழ்வரம்பு:

0 ≤ x ≤ 1/2 எனில் 1 − x ≥ e^(−x − x²).

1² முதல் 21² வரை கூட்டினால் 3311. அதை 365²-ஆல் வகுத்தால் சுமார் 0.0249. அப்புறம் e^(−0.6329 − 0.0249) ≈ 0.518, பாதிக்கு மேல். 22 போதாது.