டைரக்டர் ஒரே பக்கத்தில் முடிவெடுக்கும்படி சம்மரி எழுதுவது

கேள்வி: 40 பக்க ரிப்போர்ட் தயார். டைரக்டர் முதல் பக்கத்துக்கு மேல் படிக்கமாட்டார். அதை வைத்தே அவர் முடிவெடுக்கிற மாதிரி எக்ஸிகியூட்டிவ் சம்மரி எப்படி எழுதுவது?

பதில்:

அவரிடம் என்ன ஒப்புதல் வேண்டும், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள். இந்த மூன்றும் முதல் இரண்டு வாக்கியங்களிலேயே வந்துவிட வேண்டும். நூற்பாலைகளில் எனர்ஜி ஆடிட் செய்வது என் வேலை. அதில் வந்த ஒரு ரிப்போர்ட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மில்லில் மெஷின்களுக்குக் காற்று போதவில்லை. இருக்கிற கம்ப்ரசர்கள் நிமிடத்துக்கு 400 கன அடி, அதாவது 400 சி.எஃப்.எம். காற்று கொடுக்கும், தேவை 450. மூன்றாவது கம்ப்ரசருக்கு 22 லட்சத்தில் கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார்கள். ரிப்போர்ட்டின் முதல் சம்மரி இப்படி இருந்தது: "இந்த அறிக்கை ஆலையின் அழுத்தக் காற்று அமைப்பை ஆய்வு செய்கிறது. கம்ப்ரசர்களின் திறன், குழாய்களின் நிலை, கசிவுகள் ஆகியவை அளவிடப்பட்டன. பல சேமிப்பு வாய்ப்புகள் கண்டறியப்பட்டன." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படித்து முடித்த டைரக்டருக்குக் கம்ப்ரசரை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாது. ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று சொல்வது பொருளடக்கத்தின் வேலை.

மாற்றி எழுதியது:

"மூன்றாவது கம்ப்ரசரை (22 லட்சம்) இப்போது வாங்க வேண்டாம். கசிவுகளை அடைக்க 3 லட்சத்துக்கு, கொட்டேஷன் முடியும் 30-ஆம் தேதிக்குள் ஒப்புதல் வேண்டும். 400-ல் 150 சி.எஃப்.எம். கசிவிலேயே போகிறது (பக்கம் 14). அதை 40-க்குக் குறைக்கலாம். மீளும் 110-ல் 50 இன்றைய பற்றாக்குறையைத் தீர்க்கும், 60 மிஞ்சும். மின்கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 4.8 லட்சம் குறையும். போட்ட பணம் எட்டு மாதத்துக்குள் திரும்பும் (பக்கம் 22). இந்த நிதியாண்டிலேயே புது ஆட்டோகோனர்கள் வருவதானால் கூடுதலாக 80 சி.எஃப்.எம். வேண்டும், அப்போது ஒரு சிறிய கம்ப்ரசர் தேவைப்படும்."

இதில் அந்த 4.8 லட்சம்தான் எனக்கு முக்கியம். ரிப்போர்ட்டின் உள்ளே முதலில் 12.7 லட்சம் என்று இருந்தது. 100 சி.எஃப்.எம்.முக்கு 18 கிலோவாட், வருடத்துக்கு 8,000 மணி நேரம், யூனிட் 8 ரூபாய் என்று 110-க்கும் பெருக்கிய கணக்கு. பெருக்கல் சரிதான், ஆனால் அந்தப் பணம் கரண்ட் பில்லில் தெரியாது. மீளும் காற்றில் 50 மெஷின்களுக்கே போய்விடுகிறது. மீதி 60-க்கும் முழுச் சேமிப்பு கிடையாது. கம்ப்ரசர் அன்லோடில், அதாவது காற்றை அழுத்தாமல் சும்மா ஓடும்போதும் சுமார் 30 சதவீத மின்சாரம் இழுக்கும். இரண்டையும் கழித்தால்தான் 4.8 வரும். 12.7 என்று சம்மரியில் போட்டிருந்தால், ஆறு மாதம் கழித்து பில்லைப் பார்க்கிற டைரக்டர் அடுத்த ரிப்போர்ட்டை நம்பமாட்டார். அவர் தானே சரிபார்க்கக்கூடிய எண்ணை மட்டும் மேலே கொண்டுவாருங்கள். உள்ளே எண் மாறினால் சம்மரியிலும் அன்றே மாற்றிவிடுங்கள்.

கடைசி வாக்கியத்தையும் கவனியுங்கள். ஆட்டோகோனர் என்கிற நூல் சுற்றும் மெஷின் எப்போது வரும் என்பது எனக்குத் தெரியாது, டைரக்டருக்குத் தெரியும். நம் பரிந்துரை எந்தச் சூழலில் மாறும் என்று சொல்லிவிட்டால், தனக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை வைத்து அவரே முடிவைத் திருத்திக்கொள்வார். "மேலும் ஆய்வு தேவை" என்று எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அளவீட்டில் இருக்கும் சந்தேகத்தையும் இதேபோல எழுத வேண்டும். கசிவை விடுமுறை நாளில் அளந்தோம்: மெஷின்கள் எல்லாம் நின்றிருக்கும்போது கம்ப்ரசர் 3 நிமிடம் லோடு, 5 நிமிடம் அன்லோடு. எட்டில் மூன்று பங்கு, அதாவது 150. மெஷின் ஓடும்போது மட்டும் கசிகிற இடங்கள் இதில் சிக்காது. எனவே "உண்மையான கசிவு இதைவிடக் கூடுதலாக இருக்கலாம், முடிவு மாறாது" என்று ஒரு வரி போதும். "±10 சதவீதம்" என்று மட்டும் போட்டால், அது தன் முடிவைப் பாதிக்குமா என்று அவர்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

அனுப்புமுன் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அக்கவுண்ட்ஸில் யாரிடமாவது கொடுத்து, "நீங்கள் டைரக்டரானால் கையெழுத்துப் போடுவீர்களா, அதற்கு முன் என்ன கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் கையெழுத்துப் போட முடியாத கேள்வி என்றால், அந்தப் பதில் சம்மரிக்குள் வர வேண்டும். வெறும் ஆர்வத்தில் கேட்டதென்றால் பக்க எண் போதும். எங்களிடம் வந்த கேள்வி, "அடைத்த கசிவு திரும்ப வராதா?" என்பது. அதற்காக ஒரு வரி சேர்த்தோம்: "பொறுப்பு மெயின்டெனன்ஸ், வேலை முடிந்ததும் இதே சோதனை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கசிவு 60-ஐத் தாண்டினால் உங்களுக்குத் தகவல் வரும்."