ஒளிச்சேர்க்கைப் பாடம் ஒரே பக்கத்தில்: கேள்வி-பதில்

பாடத்தை எவ்வளவு சுருக்கி எழுதினாலும் நான்கு பக்கத்துக்குக் குறையவில்லை. எதை விடுவது?

பத்தி பத்தியாகச் சுருக்கினால் குறையாது. முதலில் இடத்தைப் பங்கிடுங்கள். ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, மேலே இரண்டு விரல் அகலத்தை மொத்தச் சமன்பாட்டுக்கும், அடியில் மூன்று விரல் அகலத்தை C₄ தாவரங்களுக்கும் ஒதுக்குங்கள். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் தைலக்காய்டு, வலப்பக்கம் ஸ்ட்ரோமா என்று எழுதுங்கள். ஒளிவினை இடப்பக்கம், கால்வின் சுழற்சி வலப்பக்கம்.

இடப்பக்கத்துக்குள் ஒளியும் நீரும் போகின்றன, ஆக்சிஜன் வெளியேறுகிறது. வலப்பக்கத்துக்குள் CO₂ போகிறது, சர்க்கரை வருகிறது. நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போவது ATP, NADPH. திரும்பி வருவது ADP, NADP⁺. இந்த அம்புகளைப் போட்டுவிட்டுப் பாடத்தை மறுபடி படித்தால், பெரும்பாலான வரிகள் ஏதாவது ஓர் அம்புக்கான விளக்கம்தான் என்று தெரியும். அவற்றை அம்பின்மேல் இரண்டு சொல்லில் எழுதினால் போதும். ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்று ரூபனும் கேமனும் 1941-இல் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பைக் கொண்டு காட்டியதும் ஆக்சிஜன் அம்பின்மேலேயே அடங்கிவிடும்.

கால்வின் சுழற்சியின் எண்களை எத்தனை முறை எழுதினாலும் மறந்துவிடுகிறது.

எண்களை மட்டும் பட்டியலாக எழுதாதீர்கள். அவை எப்படி வந்தன என்ற கணக்கை எழுதுங்கள். ஒரே ஒரு CO₂-இல் தொடங்குங்கள். அது ஐந்து கார்பன் உள்ள RuBP-உடன் சேர்ந்து, மூன்று கார்பன் உள்ள PGA இரண்டைத் தருகிறது. இரண்டு PGA-வையும் ஒடுக்க 2 ATP, 2 NADPH வேண்டும். RuBP-ஐ மீண்டும் உருவாக்க இன்னும் 1 ATP. ஆக, ஒரு CO₂-க்கு 3 ATP, 2 NADPH.

குளுக்கோஸுக்கு ஆறு கார்பன் வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஆறால் பெருக்குங்கள்: 18 ATP, 12 NADPH. பலர் 12 ATP என்று எழுதிவிடுகிறார்கள். RuBP மீளுருவாக்கத்துக்கான 6 ATP-ஐ விட்டுவிடுவதுதான் காரணம். அந்த அம்பை மட்டும் வேறு நிறத்தில் போடுங்கள்.

கார்பனையும் எண்ணிப் பாருங்கள். 12 PGA-வில் 36 கார்பன். குளுக்கோஸாக 6 போனால் மீதி 30; அது ஆறு RuBP-க்குச் சரியாக இருக்கிறது. கணக்கு இடித்தால் படத்தில் எங்கோ ஓர் எண் தவறு.

சமன்பாட்டில் ஏன் 6 H₂O-வுக்குப் பதில் 12 H₂O? தாளில் எதை எழுதுவது?

6CO₂ + 12H₂O → C₆H₁₂O₆ + 6O₂ + 6H₂O என்பதையே எழுதுங்கள். தாளின் இரண்டு பாதியையும் இணைப்பது இந்த 12-தான். வலப்பக்கம் கேட்கும் 12 NADPH-க்கு 24 எலக்ட்ரான்கள் வேண்டும். ஒரு நீர் மூலக்கூறு பிளந்தால் இரண்டு எலக்ட்ரான்கள் கிடைக்கும். எனவே 12 நீர் பிளக்க வேண்டும். வெளிவருவது 6 O₂. 6H₂O என்று சுருக்கி எழுதினால், ஆறு O₂-இல் உள்ள 12 ஆக்சிஜன் அணுக்களும் நீரிலிருந்தே வருகின்றன என்பது சமன்பாட்டில் தெரியாமல் போகும்.

சுழல், சுழலா ஒளி பாஸ்பரிகரணம் இரண்டும் குழம்புகின்றன.

எலக்ட்ரான் எங்கே போய் முடிகிறது என்று மட்டும் பாருங்கள். கிளம்பிய இடமான ஒளித்தொகுதி I-க்கே திரும்பினால் சுழல்: ATP மட்டும் கிடைக்கும், நீர் பிளக்காது, ஆக்சிஜன் வராது. NADP⁺-இடம் போய்விட்டால் சுழலா: இழந்ததை ஈடுகட்ட நீர் பிளந்தாக வேண்டும், அதனால் ஆக்சிஜன், ATP, NADPH மூன்றும் வரும்.

C₄ பகுதிக்கு இடம் போதவில்லை.

இரண்டு கட்டம் போதும். இலையிடைத் திசு செல்லில் PEP, CO₂-ஐப் பிடித்து நான்கு கார்பன் சேர்மமாகிறது. கற்றை உறை செல்லில் அந்த CO₂ விடுவிக்கப்பட்டுக் கால்வின் சுழற்சி நடக்கிறது. PEP-ஐ மீட்க ஒரு CO₂-க்குக் கூடுதலாக 2 ATP செலவாவதால் குளுக்கோஸுக்கு 30 ATP. கால்வின் சுழற்சியை மறுபடி வரைய வேண்டாம். மேலே உள்ள படத்துக்கு ஓர் அம்பு போட்டாலே போதும்.

தாள் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மறுநாள் வெற்றுத்தாளில், பார்க்காமல், நடுக்கோட்டையும் அம்புகளையும் மட்டும் வரையுங்கள். பிறகு 18, 12 இரண்டையும் கணக்குப் போட்டு வரவழையுங்கள். கணக்கு எந்த இடத்தில் நிற்கிறதோ, பாடநூலில் அந்தப் பகுதியை மட்டும் திறந்து படியுங்கள். தாளில் அந்த இடத்தில் விடுபட்ட இடைப்படியைச் சேர்த்துவிட்டு, படிக்காமலே நினைவுக்கு வந்த வாக்கியங்களை அடித்துவிடலாம்.