நிஃப்டியை வாங்குவதா, நான்கு பங்குகளை வாங்குவதா?

கேள்வி: எனக்கு வயது 27. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவசரத் தேவைக்கான பணத்தை வங்கியில் ஒதுக்கியது போக மாதம் 10,000 ரூபாய் மிஞ்சுகிறது. பத்து ஆண்டுகளுக்கு அதைத் தொடத் தேவையில்லை. அலுவலக நண்பர்கள் நான்கு பங்குகளைச் சொல்லி, அவற்றை மட்டும் வாங்கிக்கொண்டே போ என்கிறார்கள். அதில் மூன்று மென்பொருள் நிறுவனங்கள். மாமா இண்டெக்ஸ் ஃபண்ட் போதும் என்கிறார். இடிஎஃப் இன்னும் மலிவு என்று படித்தேன். இவற்றுக்குள் உண்மையில் என்ன வித்தியாசம், நான் எதில் தொடங்குவது?

பதில்: தனிப் பங்குக்கும் குறியீட்டுக்கும் உள்ள வித்தியாசம், லாபம் வரும்போது தெரிவதைவிட நஷ்டம் வரும்போதுதான் தெளிவாகத் தெரியும். அதற்கு யெஸ் வங்கியின் பங்கை எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் அது, ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கொண்டு கணக்கிடப்படும் நிஃப்டி 50 குறியீட்டில் இருந்த பங்கு. விலை ஏறத்தாழ 400 ரூபாய். அன்று 10,000 ரூபாய் போட்டவருக்கு 25 பங்குகள் கிடைத்திருக்கும். 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அந்த வங்கியின் செயல்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. மறுநாள் வர்த்தகம் முடியும்போது பங்கு சுமார் 16 ரூபாயில் நின்றது. 10,000 ரூபாய் 400 ரூபாயாகிவிட்டது.

அதே 2018 ஆகஸ்டில், நிஃப்டி ஏறத்தாழ 11,700 புள்ளிகளில் இருந்தபோது, அதே தொகையை, அந்த ஐம்பது பங்குகளையும் குறியீட்டில் உள்ள அளவிலேயே வாங்கி வைக்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால், அந்த மார்ச் 6 அன்று அதன் மதிப்பு சுமார் 9,400 ரூபாயாக இருந்திருக்கும். குறியீடு விழவே விழாது என்று இதற்குப் பொருளல்ல. மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610 வரை இறங்கியது. அன்று கையில் இருந்திருப்பது சுமார் 6,500 ரூபாய்தான். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் குறியீடு மீண்டும் 11,700ஐத் தொட்டுவிட்டது. யெஸ் வங்கியின் பங்கோ பழைய 400 ரூபாயின் பக்கமே திரும்பவில்லை.

யெஸ் வங்கியும் உள்ளே இருந்த குறியீடு எப்படித் தப்பியது? நிஃப்டியில் ஒவ்வொரு நிறுவனத்தின் எடையும் சந்தையில் புழங்கும் அதன் பங்குகளின் மொத்த மதிப்பைப் பொறுத்தது. ஒரு பங்கின் விலை இறங்க இறங்க, யாரும் விற்காமலே அதன் எடை குறைந்துகொண்டு வரும்; ஏறும் நிறுவனத்தின் எடை தானாகக் கூடும். இதற்கு மேல், ஆண்டுக்கு இருமுறை பட்டியலைச் சீராய்ந்து, தகுதி இழந்தவற்றை நீக்கி வேறு நிறுவனங்களைச் சேர்க்கிறார்கள். யெஸ் வங்கியை அந்தத் தவணைக்கும் காத்திராமல் மார்ச் 19 அன்றே நீக்கினார்கள். இந்த வெளியேற்றமும் முழுச் சுத்தமாக நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: மீட்புத் திட்டத்தின்படி, நூறோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதம் மூன்று ஆண்டுகளுக்கு விற்க முடியாமல் முடக்கப்பட்டதால், இண்டெக்ஸ் ஃபண்டுகளின் கணக்கிலும் அவற்றில் ஒரு பகுதி 2023 வரை ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் அதன் எடை மிகச் சிறிதாகச் சுருங்கியிருந்ததால் முதலீட்டாளர்களுக்கு அது உறைக்கவில்லை. நான்கு பங்குகளில் ஒன்றாக அதை வைத்திருந்தவருக்கு நிச்சயம் உறைத்திருக்கும்.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. ஒரு பங்கு பத்து மடங்காகும்போது, அதை நேரடியாக வைத்திருப்பவருக்குக் கிடைப்பது குறியீட்டில் போட்டவருக்குக் கிடைக்காது. அவருக்கு வருவது ஐம்பதின் சராசரி. அந்தச் சராசரியும் சமமான ஐம்பதல்ல: முதல் பத்து நிறுவனங்களே எடையில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான். ஆயினும் உங்கள் நண்பர்களின் பட்டியலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ பரவலானது. உங்கள் சம்பளமே மென்பொருள் துறையிலிருந்து வரும்போது சேமிப்பின் முக்கால் பங்கையும் அதே துறையில் போட்டால், அத்துறை சரியும் ஆண்டில் வேலையும் முதலீடும் ஒன்றாக ஆட்டம் காணும். அவர்கள் சொன்ன நிறுவனங்கள் நல்லவையாகவே இருந்தாலும் இந்தப் பட்டியலை நான் ஏற்கமாட்டேன்.

வரியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. விகிதம் இரண்டுக்கும் ஒன்றே: ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம், அதற்கு மேல் வைத்திருந்து விற்றால், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரியில்லை, மீதிக்கு 12.5 சதவீதம். ஆனால் நீங்களே ஒரு பங்கை விற்று இன்னொன்றுக்கு மாறினால் அந்த விற்பனையின் லாபம் அந்த ஆண்டே உங்கள் வரிக் கணக்கில் ஏறும். ஃபண்டுக்குள் நடக்கும் மாற்றங்களுக்கு உங்கள் மேல் வரி விழாது. உங்கள் யூனிட்டுகளை நீங்கள் விற்கும் நாளில்தான் கணக்கு.

இனி இண்டெக்ஸ் ஃபண்டா, இடிஎஃப்பா என்பது. இரண்டும் அதே ஐம்பது பங்குகளைத்தான் வைத்திருக்கின்றன. நீங்கள் யாரிடம், எந்த விலைக்கு வாங்குகிறீர்கள் என்பதில்தான் வேறுபாடு. இண்டெக்ஸ் ஃபண்டில் ஃபண்டு நிறுவனத்திடமே வாங்குகிறீர்கள். அன்றைய சந்தை முடிந்தபின் கணக்கிடப்படும் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, எல்லோருக்கும் ஒரே விலை. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு தேவையில்லை. இடிஎஃப்பை, பங்கைப் போலவே, டீமேட் கணக்கு வழியாகச் சந்தையில் இன்னொரு முதலீட்டாளரிடமிருந்து வாங்குகிறீர்கள். அவர் கேட்கும் விலை உண்மை மதிப்போடு ஒத்திருக்கும் என்ற கட்டாயமில்லை.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஓர் இடிஎஃப் யூனிட்டின் உள்ளடக்க மதிப்பு, அதாவது ஃபண்டு நிறுவனத்தின் தளத்தில் iNAV என்று காட்டப்படுவது, 250 ரூபாய். விற்பவர் கேட்பது 251.25, வாங்குபவர் தர முன்வருவது 248.75. நீங்கள் 10,000 ரூபாய்க்கு வாங்கினால் அரை சதவீதம், அதாவது 50 ரூபாய், உள்ளே நுழையும்போதே போய்விடும். இடிஎஃப்பின் ஆண்டுச் செலவு 0.05 சதவீதமும் இண்டெக்ஸ் ஃபண்டின் செலவு 0.20 சதவீதமும் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தவணையில் ஆண்டுக்கு மிச்சம் 15 ரூபாய். இழந்த 50 ரூபாயைத் திரும்ப எடுக்கவே மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும்; தரகும் டீமேட் கட்டணமும் தனி. வர்த்தகம் அதிகமுள்ள பெரிய நிஃப்டி இடிஎஃப்புகளில் இந்த இடைவெளி மிகக் குறைவு என்பது உண்மைதான். சிறியவற்றில் அப்படியல்ல. எனவே வாங்குவதானால் iNAVயைப் பார்த்து, அதை ஒட்டி, இந்த விலைக்கு மேல் வாங்கமாட்டேன் என்று குறிக்கும் லிமிட் ஆர்டர் மட்டுமே போட வேண்டும். மார்க்கெட் ஆர்டர் போட்டால் எதிரில் என்ன விலை இருக்கிறதோ அதுவே உங்கள் விலை.

மாதாமாதம் 10,000 ரூபாய் போடப்போகும் உங்களுக்கு நான் சொல்வது நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு. அதில் முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான், லாபத்தைப் பிரித்துத் தராமல் ஃபண்டிலேயே வளரவிடும் குரோத் ஆப்ஷன். பல நிறுவனங்கள் இதையே விற்பதால், எதைத் தேர்வது என்பதற்குக் கடந்த வருமானத்தைப் பார்க்க வேண்டாம். டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் நிஃப்டி 50 டிஆர்ஐ குறியீட்டைவிட ஃபண்டு எவ்வளவு பின்தங்கியது என்பதை, டிராக்கிங் டிஃபரன்ஸ் என்ற பெயரில் நிறுவனங்கள் வெளியிடுகின்றன. ஓராண்டுக்கும் மூன்றாண்டுக்கும் அது குறைவாக உள்ளதை எடுங்கள். மாதத் தவணை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் எஸ்ஐபி தேதியைச் சம்பளம் வரும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள். வங்கி விடுமுறையால் சம்பளம் தாமதமாகும் மாதத்தில் கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால், வங்கி அபராதம் பிடிக்கும்.

நண்பர்களின் பங்குகளில் ஆசை இருந்தால் மாதம் 1,000 ரூபாயை மட்டும் அதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அதே நாளின் டிஆர்ஐ அளவைப் பக்கத்தில் எழுதி வைத்து, மூன்று ஆண்டுகள் கழித்து இரண்டையும் ஒப்பிட்ட பிறகே அந்தத் தொகையைக் கூட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.