போர்டு தாங்கும் கம்பம் முறுக்குகிறது: ஆங்கிளா, சேனலா, டியூபா?

கேள்வி: நடுவட்டத்தில் சாலை ஓரமாகத் தேயிலைத்தூள் கடை வைத்திருக்கிறேன். 50×50×6 ஆங்கிளில் ஒரே கம்பம் நட்டு, அதன் ஒரு பக்கமாக 3 அடிக்கு 2 அடி போர்டு மாட்டியிருக்கிறேன். கம்பம் சாயவில்லை, ஆனால் ஆடிக் காற்றில் கதவு போலத் திரும்பித் திரும்பி வருகிறது. வெல்டர் 3 இஞ்ச் சேனல் போடச் சொல்கிறார். பக்கத்துக் கடைக்காரர் 50×50 ஸ்கொயர் டியூப் போதும் என்கிறார். டியூபின் தகடு 3 மி.மீ.தான். பாதி கனத்தில் எப்படித் தாங்கும்?

பதில்: பக்கத்துக் கடைக்காரர் சொல்வதுதான் சரி. 50×50×6 ஆங்கிளும் 50×50×3 டியூபும் மீட்டருக்கு ஏறக்குறைய நாலரை கிலோதான். ஒரே இரும்பு, ஒரே எடை, ஒரே வெளி அளவு. இருந்தும் முறுக்குக்கு டியூப் சுமார் 46 மடங்கு விறைப்பு.

காரணத்தைக் கையாலேயே உணரலாம். ஒயரிங்குக்குப் போடும் பிவிசி பைப்பில் ஒரு அடி வெட்டி, இரண்டு முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதையே ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரு கோடு அறுத்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். இப்போது சுலபமாகத் திரும்பும். அறுத்த கோட்டின் இரண்டு விளிம்புகளையும் பாருங்கள்: ஒன்று உங்கள் பக்கமும் மற்றொன்று எதிர்ப்பக்கமுமாக வழுக்கி நகர்ந்திருக்கும். பிளாஸ்டிக்கில் குறைந்தது பிளேடின் கனம் மட்டும்தான். போனது அந்த விளிம்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த பிடிப்பு.

மூடிய குழாயை முறுக்கும்போது தகட்டில் எழும் எதிர்விசை நான்கு சுவரையும் ஒரே திசையில் சுற்றி வருகிறது. எதிரெதிர்ச் சுவர்களில் அது எதிரெதிராக ஓடுவதால், குழாயின் முழு அகலமும் நெம்புகோலாகிறது. ஆங்கிளில் சுற்று முழுமை பெறவில்லை. விசை தகட்டின் ஒரு முகத்தில் போய், விளிம்பில் திரும்பி, மறு முகத்தில் வர வேண்டும். அங்கே நெம்புகோல் 6 மி.மீ. கனத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கணக்கில் J என்று குறிக்கும் முறுக்கு எண் இப்படி வரும்:

```
ஆங்கிள்: J = b × t³ / 3 = 94 × 6³ / 3 ≈ 6,800 மி.மீ⁴
டியூப்:   J = a³ × t     = 47³ × 3     ≈ 3,11,000 மி.மீ⁴
```

b என்பது இரண்டு கால்களையும் விரித்துப் போட்டால் வரும் நீளம். a என்பது டியூப் சுவரின் நடுக்கோட்டிலிருந்து எதிர்ச்சுவரின் நடுக்கோடு வரை. முப்படி எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். ஆங்கிளில் அது கனத்தின் மேல் விழுகிறது, டியூபில் அகலத்தின் மேல். தகடு பாதிக் கனம்தானே என்ற உங்கள் கவலைக்கு இதுவே பதில்.

உங்கள் கம்பத்துக்கே போட்டுப் பார்ப்போம். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் இந்த அளவு போர்டை ஏறக்குறைய 9 கிலோ விசையோடு தள்ளும். போர்டின் நடு கம்பத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. தரையிலிருந்து போர்டின் அடிவரை 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆங்கிள் சுமார் 10 டிகிரி முறுக்கும். போர்டின் வெளி ஓரம் 16 செ.மீ. போய்வரும். டியூபில் அதே ஓரம் 4 மி.மீ. கூட நகராது. வேகம் 90 கி.மீ. ஆனால் விசை இரண்டே முக்கால் மடங்காகும், ஆங்கிள் 27 டிகிரி திரும்பும். இப்படி நாள் முழுக்கப் போய்வருவதில் கம்பம் உடனே ஒடியாது. அடியில் வெல்டு முடியும் இடத்தில் மயிரிழை விரிசல் தொடங்கும். பெயிண்டில் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அங்கே பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள்.

இப்போது வெல்டர் சொன்ன சேனல். வளைவுக்கு அது நல்ல பொருள், அந்த அனுபவத்தில்தான் அவர் சொல்லியிருப்பார். முறுக்குக்கு அதுவும் திறந்த வடிவமே. 3 இஞ்ச் சேனல் மீட்டருக்கு 7 கிலோவுக்கு மேல் இருந்தும், அதன் J உங்கள் ஆங்கிளைப்போல் சுமார் இருமடங்குதான். பேஸ் பிளேட்டில் சுற்றிலும் வெல்டு செய்தால் சேனலுக்குக் கொஞ்சம் கூடுதல் விறைப்பு கிடைக்கும். ஆங்கிளுக்கு அதுவும் கிடைக்காது. இன்னொன்று, சேனலின் முறுக்கு மையம் அதன் முதுகுக்கும் வெளியே இருப்பதால், சுமையை நடுவில் மாட்டினால்கூட அது கொஞ்சம் திரும்பும்.

கம்பத்தை மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கம்பத்தின் அடியில் ஒரு குச்சியும், போர்டுக்குச் சற்றுக் கீழே ஒரு குச்சியும் ஒரே திசையில் கட்டுங்கள். இலை எடைபோடும் ஸ்பிரிங் தராசைப் போர்டின் வெளி ஓரத்தில் மாட்டி, நாலரை கிலோ காட்டும்வரை இழுங்கள். மேல் குச்சி மட்டும் திரும்பினால் கம்பம்தான் முறுக்குகிறது. இரண்டும் சேர்ந்து திரும்பினால் காங்கிரீட்டுக்குள் கம்பம் சுற்றுகிறது. அப்போது டியூப் மாற்றியும் பயனில்லை. எதைப் புதைத்தாலும் அடி முனையில் 12 மி.மீ. கம்பித் துண்டு இரண்டைக் குறுக்காக வெல்டு செய்துவிடுங்கள். உருண்டை பைப்புக்கு இது கட்டாயம். ஒன்றரை இஞ்ச் பி கிளாஸ் உருண்டை பைப்பும் இந்த வேலைக்குப் போதும்; எடை மீட்டருக்கு இன்னும் ஒரு கிலோ குறையும், ஆனால் போர்டு கிளாம்ப் அதன்மேல் வழுக்காமல் ஒரு போல்ட் ஊடுருவப் போட வேண்டும்.

நட்ட கம்பத்தைப் பிடுங்க மனமில்லை என்றால் ஆங்கிளையே மூடிவிடலாம். 70 மி.மீ. அகல, 3 மி.மீ. தகட்டை இரண்டு கால் விளிம்புகளுக்கும் குறுக்கே முழு உயரத்துக்கும் வைத்து முக்கோணக் குழாயாக்குங்கள். J இப்போதையதைவிட 18 மடங்குக்குக் குறையாது. வெல்டு இங்கேதான் வேலை செய்கிறது. அடிக்கு ஒன்றாக டாக் வைத்து விட்டால், இடைப்பட்ட இடமெல்லாம் அறுத்த பிவிசி பைப்பைப் போலவே வழுக்கும். 40 மி.மீ. வீதம் இடம் விட்டு இடம் மாறி மாறி அடித்து, ஆறிய பின் இடைவெளிகளை நிரப்பி முழுக் கோடாக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் கம்பம் வளையும்.

டியூப் வாங்கும்போது முனையில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நீளவாக்கில் வெல்டு மேடு தொடர்ந்து தெரிய வேண்டும். மடித்துச் சொருகி மட்டும் விட்ட டியூபும் கடையில் உண்டு. வெளியே பார்க்க மூடியதுபோலிருந்தாலும் முறுக்குக்கு அது திறந்த வடிவம்தான். மேல் முனையைத் தகடு வைத்து முழுதாக வெல்டு செய்யுங்கள். உங்கள் ஊர் மூடுபனியில் உள்ளே நீர் வேர்க்கும், அது வடிய காங்கிரீட் மட்டத்துக்குச் சற்று மேலே 8 மி.மீ. ஓட்டை ஒன்று விடுங்கள். வட்ட ஓட்டையால் விறைப்பு குறையாது. ஒயர் நுழைக்க என்று யாராவது கிரைண்டரால் நீளக் கோடாக அறுக்க வந்தால் விடாதீர்கள்.