நேர்காணலில் ஒரு இரவுச் சாப்பாடு

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் உயிர்வேதியியலில் போஸ்ட்டாக்காக இருக்கிறேன். உதவிப் பேராசிரியர் வேலைக்கு ஒரு பல்கலைக்கழகம் இரண்டு நாள் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. முதல் நாள் மாலை தேர்வுக் குழுவில் மூன்று பேருடன் டின்னர். செமினாருக்கு நான் தயார், இந்த டின்னரை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நான் சைவம், குடிப்பதில்லை, கத்தியும் முள்கரண்டியும் பெரிதாகப் பழக்கமில்லை. கணவர் வேறு மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு விஷயம். அந்த மேஜையில் நீங்கள் சரியாகச் சாப்பிட முடியாது. மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்பார்கள், ஒருவர் கேட்கும்போது மற்ற இருவரும் சாப்பிடுவார்கள், பதில் சொல்கிற நீங்கள் மட்டும் கையில் முள்கரண்டியோடு உட்கார்ந்திருப்பீர்கள். நான் தேர்வுக் குழுக்களில் இருந்தபோது இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், வருகிறவரின் தட்டு பாதிக்கு மேல் அப்படியே திரும்பிப் போகும். அதனால் ஹோட்டல் அறையிலேயே வாழைப்பழம், பாதாம், முந்திரி என்று ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பசி இல்லாவிட்டால் எதை ஆர்டர் செய்வது என்பதும் எளிதாகிவிடும், ஏனென்றால் அப்போது பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாத உணவைத் தேடினால் போதும்.

சைவம் என்பதை மேஜையில் போய்ச் சொல்ல வேண்டாம். அட்டவணை அனுப்பிய அலுவலக ஒருங்கிணைப்பாளருக்கு இன்றே ஒரு வரி எழுதுங்கள்: நான் சைவம், முட்டையும் பாலும் சாப்பிடுவேன் அல்லது மாட்டேன் என்று. அவர்கள் இதை எல்லோரிடமும் கேட்கிறவர்கள்தான், அதற்கேற்ற உணவகத்தைப் பார்த்து முன்பதிவு செய்வார்கள். உணவகத்தின் பெயர் தெரிந்ததும் அதன் மெனுவை இணையத்தில் பார்த்து இரண்டு பொருள்களைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று.

வழக்கமான அமெரிக்க உணவகம் என்றே வைத்துக்கொள்வோம். பிரெஞ்ச் ஆனியன் சூப் சைவம் போலத் தெரியும், ஆனால் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறில் செய்வது, போதாததற்கு மேலே உருகின சீஸ் நூல் நூலாக இழுக்கும். சீசர் சாலடின் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் இருக்கும். ரிசோட்டோ என்பது குழைந்த சாதம் மாதிரிதான், முள்கரண்டியால் சுலபமாகச் சாப்பிடலாம், ஆனால் பல இடங்களில் கோழிச்சாறு ஊற்றித்தான் வேக வைப்பார்கள். ஸ்பகெட்டி சைவமாகக் கிடைக்கும், ஆனால் அதைச் சுருட்டி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சாஸ் சட்டையில் தெறிக்கும். வெஜ் பர்கரைக் கையில் எடுத்துச் சாப்பிடுவது அங்கே தவறில்லை, ஆனாலும் இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும், வாயும் நிறைந்துவிடும், அந்த நேரம் பார்த்து ஒருவர் உங்கள் புரத அமைப்பைப் பற்றிக் கேட்பார். நான் சொல்வது காளானோ கீரையோ சீஸோ உள்ளே வைத்த ராவியோலி. ஒரு துண்டு ஒரு வாய், இரண்டு மென்று விழுங்கிவிட்டுப் பேசலாம். பரிமாறுபவரிடம் “இதில் இறைச்சிச் சாறு சேர்க்கிறீர்களா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அதில் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அதை எடுத்துவிடுங்கள், இதைத் தனியாக வையுங்கள் என்று நீளமாகப் போனால் மட்டும் மேஜை முழுவதும் காத்திருக்க வேண்டி வரும்.

விலையில் மெனுவின் நடுப்பகுதியில் இருங்கள். முதலில் ஆர்டர் சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்றால், “ஸ்டார்டர் எடுக்கிறீர்களா?” என்று அழைத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் எடுத்தால் நீங்களும் ஒரு சாலட் எடுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்கள் சாப்பிடும்போது வெறும் மேஜை முன் இருப்பீர்கள், அல்லது உங்களுக்காக அவர்கள் காத்திருப்பார்கள். ஒயின் கேட்டால், “எனக்கு ஸ்பார்க்ளிங் வாட்டர் எலுமிச்சையோடு” என்று சொன்னால் முடிந்தது. காரணம் சொல்லத் தேவையில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

கத்தி, முள்கரண்டி விஷயத்துக்கு இரண்டு மூன்று மாலை வீட்டிலேயே தோசையை வெட்டிச் சாப்பிட்டுப் பழகினால் போதும். இடது பக்கத்துச் சின்னத் தட்டு உங்கள் ரொட்டிக்கு, வலது பக்கத்துத் தண்ணீர் உங்களுடையது. வரிசையாக வைத்திருந்தால் வெளியிலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டு வாருங்கள். நாப்கின் மடியில். ரொட்டியை முழுதாகக் கடிக்காமல் ஒரு வாய் அளவு பிய்த்து, அதில் மட்டும் வெண்ணெய் தடவுங்கள். எல்லோருக்கும் தட்டு வந்த பிறகு, அழைத்தவர் தொடங்கியதும் தொடங்குங்கள். முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் பக்கம் பக்கமாகத் தட்டில் சாய்த்து வைத்தால் எடுத்துக்கொண்டு போவார்கள். கரண்டி கீழே விழுந்தால் குனிந்து தேட வேண்டாம், இன்னொன்று கேளுங்கள். இவற்றில் ஒன்றிரண்டு தவறினாலும் யாரும் வாக்களிக்கும்போது அதை நினைக்க மாட்டார்கள். பரிமாறுபவரிடம் முகம் கொடுத்துப் பேசாதவரை நினைப்பார்கள்.

இனி கணவர் விஷயம். அலுவலக அறையில் இதைக் கேட்கக் கூடாது என்று குழுவினருக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் பேச்சு தளர்கிறபோதுதான் “குடும்பம் எங்கே இருக்கிறது?” என்று வந்துவிடும், பெரும்பாலும் அக்கறையில்தான் கேட்பார்கள். 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் பாலினம், மதம், பிறந்த நாடு போன்றவற்றை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அதனால்தான் திருமணம், குழந்தை பற்றிய கேள்விகளைத் தவிர்க்கும்படி பல்கலைக்கழகங்கள் தங்கள் குழுக்களுக்குச் சொல்லி வைக்கின்றன. ஆனால் மேஜையில் உட்கார்ந்து சட்டம் பேசுவது உங்களுக்கு உதவாது. பொய்யும் சொல்ல வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற சந்தேகம் ஒன்றுதான்: வேலை கொடுத்தால் இவர் வருவாரா? அதற்குப் பதில் சொல்லுங்கள். “இந்த வேலை கிடைத்தால் இங்கே வர நான் தயார், உங்கள் கருவிக்கூடம் என் வேலைக்குச் சரியாகப் பொருந்துகிறது, அந்த கிரையோ நுண்ணோக்கியில் நேரம் கிடைப்பது எப்படி?” என்று சொல்லி, அப்படியே அவர்கள் பேசக்கூடிய இடத்துக்குக் கொண்டு போய்விடுங்கள். உண்மையிலேயே தயார் என்றால் மட்டும் இதைச் சொல்லுங்கள். கணவருக்கும் அங்கே வேலை பார்க்க வேண்டும் என்றால், வேலை உங்களுக்குத்தான் என்று எழுத்தில் வந்த பிறகு அதைத் துறைத்தலைவரிடம் கேளுங்கள், பல இடங்களில் அதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. நேர்மை கருதி முன்பே சொல்லிவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வேலை இன்னும் உங்கள் கையில் இல்லாதபோது அதை எடைபோடும் உரிமையை அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

சம்பளம், ஆய்வகம் தொடங்க எவ்வளவு பணம் என்பதெல்லாம் டின்னரில் வேண்டாம். இப்போதைய ஆய்வகத் தலைவரைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள், அந்த மூவரில் ஒருவருக்கு அவர் பழைய நண்பராக இருக்க வாய்ப்பு அதிகம். வேறு எங்கே நேர்காணல் என்று கேட்டால் “இன்னும் ஓரிரண்டு இடங்கள்” என்பது போதும். நீங்களும் கேளுங்கள்: மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், முதல் ஆண்டில் எந்தப் பாடம் எடுக்கச் சொல்வார்கள், புதிதாக வந்தவர்களுக்கு மானிய விண்ணப்பத்தை யார் படித்துக் கொடுப்பார்கள். அவர்கள் பதில் சொல்கிற நேரத்தில் நீங்கள் இரண்டு ராவியோலி சாப்பிட்டுவிடலாம்.

பில் வந்தால் கை நீட்ட வேண்டாம், அது துறையின் செலவு. மீதியைப் பார்சல் கட்டச் சொல்லாதீர்கள். மறுநாள் செமினார் இருப்பதால் இரவு எட்டு, எட்டரைக்கு மேஜையிலிருந்து எழுந்துகொள்வதை எல்லோரும் புரிந்துகொள்வார்கள். அப்புறம், இரண்டாம் நாள் மதியம் ஆராய்ச்சி மாணவர்களோடு பீட்சா என்று இருந்தால், அதை ஓய்வு நேரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பேராசிரியர்கள் இருக்க மாட்டார்கள், ஆனால் பல துறைகளில் மாணவர்களிடம் தனியாகக் கருத்துக் கேட்பார்கள், நீங்கள் அவர்கள் பெயரைக் கேட்டீர்களா, அவர்கள் ஆய்வு என்ன என்று கேட்டீர்களா என்பதுதான் பெரும்பாலும் முதலில் எழுதி வரும்.