மகனின் வயது பூஜ்யம் ஆனது எப்படி?

அன்புள்ள ஐயா,

திறனறித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வயதுக் கணக்கு வந்தாலே தடுமாறுகிறேன். நேற்று வந்த கணக்கு இது: "5 ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 7 மடங்கு. இன்னும் 5 ஆண்டுகள் கழித்து 3 மடங்காக இருக்கும். இருவரின் இப்போதைய வயது என்ன?" தந்தைக்கு x, மகனுக்கு y என்று வைத்தேன். x − 5 = 7y − 5 என்றும், x + 5 = 3y + 5 என்றும் எழுதினேன். மகனின் வயது 0 என்று வருகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தும் அதேதான். கணக்கே தவறா, நான்தான் தவறா?

க.

அன்புள்ள க.,

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் தீர்த்த விதத்திலும் பிழை இல்லை, அதனால்தான் மூன்று முறையும் ஒரே விடை வந்தது. பிழை அதற்கு முன்னால், வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றிய இடத்தில் இருக்கிறது.

7y − 5 என்று எழுதியதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "மகனின் இன்றைய வயதை 7ஆல் பெருக்கு, வந்ததில் 5 கழி." கணக்கு இதைக் கேட்கவில்லை. முதலில் 5 ஆண்டு பின்னால் போகச் சொல்கிறது. அங்கே நிற்கும் பையனுக்கு என்ன வயதோ, அதைத்தான் 7ஆல் பெருக்க வேண்டும். அன்று அவன் வயது y − 5. அதன் 7 மடங்கு 7(y − 5), விரித்தால் 7y − 35. நீங்கள் 35 கழிக்க வேண்டிய இடத்தில் 5 மட்டும் கழித்திருக்கிறீர்கள். அடைப்புக்குறியின் வேலை இவ்வளவுதான்: முதலில் காலத்தை நகர்த்து, அப்புறம் மடங்கு போடு.

பூஜ்யம் ஏன் வந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. உங்கள் முதல் சமன்பாட்டில் இரண்டு பக்கமும் உள்ள 5 அடிபட்டுப் போய் x = 7y ஆகிவிடுகிறது. இரண்டாவதும் அப்படியே x = 3y ஆகிறது. ஆண்டுகள் பற்றிய செய்தி முழுவதும் காணாமல் போய்விட்டது. ஒரே வயது இன்னொன்றின் 7 மடங்காகவும் 3 மடங்காகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டுமென்றால், இரண்டும் பூஜ்யமாக இருந்தால்தான் முடியும். ஆகவே இனி இந்த மாதிரிக் கணக்கில் 0 வந்தால், கூட்டல் கழித்தலைத் திரும்பப் போடாதீர்கள். நேராக அடைப்புக்குறியைப் போய்ப் பாருங்கள்.

இதற்கு உறவான இன்னொரு பிழையும் உண்டு. தந்தையை மட்டும் நகர்த்திவிட்டு மகனை இன்றைய வயதிலேயே விட்டுவிடுவது: x − 5 = 7y, x + 5 = 3y. இப்படி எழுதினால் மகனுக்கு −2.5 வயது வரும். காலம் ஒருவருக்கு மட்டும் நகராது. ஒரு நேரத்தைப் பற்றிப் பேசினால் அந்த வாக்கியத்தில் வரும் எல்லோரையும் அந்த நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். என்னிடம் படிப்பவர்களை நான் சமன்பாடு எழுத விடுவதற்கு முன் ஒரு சின்னக் கட்டம் போடச் சொல்வது இதற்காகத்தான்.

```
          முன்     இன்று    பின்
தந்தை    x − 5     x      x + 5
மகன்     y − 5     y      y + 5
```

கட்டம் நிரம்பிய பிறகு, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே பத்தியில் உள்ள இரண்டு எண்களை வைத்து எழுதிவிடலாம். x − 5 = 7(y − 5) என்பதிலிருந்து x = 7y − 30. x + 5 = 3(y + 5) என்பதிலிருந்து x = 3y + 10. இரண்டும் ஒன்றுதான் என்பதால் 4y = 40. மகனுக்கு 10, தந்தைக்கு 40. சரிபார்த்துவிடுவோம்: அன்று 35, 5. பின்னால் 45, 15. முதலாவது 7 மடங்கு, இரண்டாவது 3 மடங்கு. சரி.

இதையே ஒரே ஒரு தெரியாத எண்ணை வைத்தும் முடிக்கலாம், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். x என்பது எப்போதும் இன்றைய வயதாக இருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. மடங்கு எந்த நேரத்தில் சொல்லப்பட்டிருக்கிறதோ, அங்கிருந்தே தொடங்குங்கள். 5 ஆண்டுகளுக்கு முன் மகன் x, தந்தை 7x. அங்கிருந்து "இன்னும் 5 ஆண்டுகள் கழித்து" என்ற இடத்துக்கு 10 ஆண்டு. பலர் இங்கே 5 என்று போட்டுவிடுவார்கள், கவனம். 7x + 10 = 3(x + 10). அதாவது 4x = 20, x = 5.

இந்த இடத்தில் கையை எடுத்துவிடாதீர்கள். 5 என்பது மகனின் அன்றைய வயது. கேள்வி கேட்டது இன்றைய வயதை. வினாத்தாள் தயாரிப்பவருக்கும் இந்தத் தடுமாற்றம் தெரியும், அதனால் விடைகளின் வரிசையில் 5 உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கட்டத்தில் x எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்த்து, 5 கூட்டி, 10 என்று எழுதுங்கள்.

கொஞ்சம் பழகிய பிறகு சமன்பாடே இல்லாமலும் போகலாம். மடங்கு மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் இருவருக்கும் உள்ள வயது வித்தியாசம் மாறாது. அன்று விகிதம் 7 : 1, வித்தியாசம் 6 பங்கு. பின்னால் 3 : 1, வித்தியாசம் 2 பங்கு. வித்தியாசம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதால் இரண்டாவது விகிதத்தை 3ஆல் பெருக்கி 9 : 3 ஆக்குங்கள். இப்போது இரண்டிலும் வித்தியாசம் 6. மகன் 1 பங்கிலிருந்து 3 பங்குக்கு வந்திருக்கிறான், தந்தை 7லிருந்து 9க்கு. இருவரும் 2 பங்கு ஏறியிருக்கிறார்கள், அது 10 ஆண்டு. ஒரு பங்கு 5 ஆண்டு. முடிந்தது. ஆனால் கட்டம் போட்டு நாலைந்து கணக்கு செய்துவிட்டு இதற்கு வாருங்கள். பங்கை ஆண்டாக மாற்றும்போது எந்த நேரத்திலிருந்து எந்த நேரத்துக்கு என்று தெரியாவிட்டால் இந்த வழியும் அதே இடத்தில்தான் கவிழும்.

"எல்லோரையும் நகர்த்து" என்று சொன்னேன். அதற்கு ஒரு எல்லை உண்டு, அது வரும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் உள்ள குடும்பத்தில் இன்று வயதுகளின் மொத்தம் 90. 5 ஆண்டுகளுக்கு முன் மொத்தம் 72. கடைக்குட்டியின் வயது என்ன? நான்கு பேரும் 5 ஆண்டு குறைந்தால் 20 குறைந்து 70 ஆக வேண்டும். குறைந்ததோ 18 மட்டும். பெரியவர்கள் மூவரும் 15 குறைத்துவிட்டார்கள், மீதி 3. கடைக்குட்டியால் 5 குறைக்க முடியவில்லை, ஏனென்றால் 5 ஆண்டுகளுக்கு முன் அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை. இன்று அதற்கு 3 வயது.